கூட்டல் தப்பவில்லை, அண்ணாச்சியும் தப்பு செய்யவில்லை!

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, நீங்க போட்டுக் கொடுத்த எக்ஸெல் கணக்குல மூணு நாளா பணம் உதைக்குது. பையன் மேல சந்தேகமா இருக்கு. வந்து பாருங்க" என்றார். உடனே கிளம்பினேன். கடையில் வேலை பார்க்கும் பையன் முகம் கொடுத்தே பேசவில்லை.

அன்றைய கணக்கு இதுதான். காலை இருப்பு 5,000 ரூபாய், விற்பனை 18,400 ரூபாய். ஆக 23,400. செலவு 5,120 என்று எக்ஸெல் காட்டியது. அப்படியானால் பெட்டியில் 18,280 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 16,530 தான் இருந்தது. 1,750 ரூபாய் குறைகிறது.

செலவுப் பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்பது செலவுகளில் மூன்று மட்டும் 450/-, 1000/-, 300/- என்று இருந்தன. மூன்றையும் கூட்டினால் சரியாக 1,750! செலவை டைப் செய்பவர் அண்ணாச்சிதான். துண்டுச் சீட்டில் எழுதியிருந்ததை அப்படியே டைப் செய்திருக்கிறார்.

எண்ணுக்குப் பின்னால் /- வந்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். SUM அத்தகைய செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வழக்கமாக எண்கள் செல்லின் வலப்பக்கமும், எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அழகுக்காக அந்தக் காலத்தை நடுவில் வருமாறு அமைத்திருந்தோம். அதனால் அந்த அடையாளமும் மறைந்து போயிற்று.

சரி, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "நீங்கள் தப்பாக டைப் செய்துவிட்டீர்கள்" என்றால் பையன் எதிரில் அவருக்குத் தலைகுனிவு. "கம்ப்யூட்டர் கோளாறு, சரி செய்துவிட்டேன்" என்றால் அவர் நாளையும் /- போடுவார். பையன் மீது மறுபடியும் பழி விழும்.

எனவே நான் கீபோர்டைத் தொடவில்லை. "அண்ணாச்சி, அந்த 450 ரூபாய்ச் சீட்டை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க. அடியில மொத்தத்தைப் பாத்துக்கிட்டே போடுங்க" என்றேன். செல்லைக் காலி செய்துவிட்டு 450/- என்று போட்டார். மொத்தம் 5,120 லேயே நின்றது. "இப்போ வெறும் 450 போடுங்க" என்றேன். மொத்தம் 5,570 ஆயிற்று. அவரே திரையை உற்றுப் பார்த்தார்.

"அப்போ தப்பு என்னோடதா தம்பி?" என்றார்.

"டைப் செஞ்சது நீங்கதான் அண்ணாச்சி. பேப்பர்ல /- போடறது நல்ல பழக்கம்தான், பின்னால யாரும் ஒரு சைபர் சேர்க்க முடியாது. எக்ஸெலுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அதைத் தடுக்கிற மாதிரி ஷீட்டை நான் அமைச்சிருக்கணும், அதை நான் செய்யலை" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டு, "பணம் எங்கயும் போகலைடா, கணக்குலதான் விட்டுப்போச்சு" என்றார்.

உங்கள் கணக்கிலும் இப்படி நேர்ந்திருக்கிறதா என்று அறிய, காலியான இரண்டு செல்களில் இவற்றை ஒவ்வொன்றாக டைப் செய்யுங்கள். D2:D10 என்பதற்குப் பதில் உங்கள் தொகைகள் உள்ள இடத்தைக் கொடுக்கவும்.

```
=COUNTA(D2:D10)
=COUNT(D2:D10)
```

முதலாவது, காலியாக இல்லாத செல்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டாவது, எண் உள்ள செல்களை மட்டும் சொல்லும். அண்ணாச்சியின் ஷீட்டில் 9, 6 என்று வந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ எழுத்து கலந்திருக்கிறது என்று பொருள்.

சரி செய்ய, அந்தக் காலத்தைத் தேர்வு செய்து Ctrl+H அழுத்துங்கள். Find what பெட்டியில் /- என டைப் செய்து, Replace with பெட்டியைக் காலியாக விட்டு, Replace All கிளிக் செய்யுங்கள்.

மறுபடி நேராமல் இருக்க, தொகை டைப் செய்யும் செல்களைத் தேர்வு செய்து, Data பகுதியில் Data Validation திறந்து, Allow என்பதில் Decimal தேர்ந்தெடுத்து, greater than, 0 எனக் கொடுங்கள். இனி 450/- என்று டைப் செய்தால் எக்ஸெல் ஏற்காது. Error Alert பகுதியில் "எண்ணை மட்டும் போடவும்" என்று நம் செய்தியையும் கொடுக்கலாம். வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் மட்டும் இந்தக் காவல் பலிக்காது.

அண்ணாச்சிக்கு /- இல்லாமல் மனசு ஆறவில்லை. Ctrl+1 அழுத்தி, Custom தேர்ந்தெடுத்து, 0"/-" என்று கொடுத்தேன். இப்போது அவர் 450 என்று டைப் செய்தாலே திரையில் 450/- என்று தெரிகிறது. கூட்டலும் சரியாக வருகிறது.