பெட்டி வேண்டாம் என்று சொன்ன பிறகும் போன பணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்கள் தெருவில் மாடி அறையில் குடியிருக்கிறார். ஆகஸ்ட் 5 அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, இந்த நொறுக்குத்தீனிப் பெட்டியை ஜூன் மாசமே வேணாம்னு சொல்லிட்டேன். ஜூலையிலயும் எடுத்தான், இப்பவும் 539 ரூபாய் எடுத்துட்டான்."

"யார்கிட்ட வேணாம்னு சொன்னீங்க?"

"கம்பெனி வாட்ஸ்அப்லதான்."

சிக்கல் அங்கேதான். மாதச் சந்தாப் பெட்டிக்கு இரண்டு முடிச்சு உண்டு. ஒன்று பெட்டி அனுப்பும் கம்பெனியோடு போட்டது. இன்னொன்று, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நம் வங்கிக் கணக்கில் நாமே கொடுத்த அனுமதி. அவர் முதல் முடிச்சைத்தான் அவிழ்த்திருந்தார்.

இரண்டாவது முடிச்சு எப்போது விழுந்தது என்பது அவருக்கு நினைவில்லை. 'முதல் பெட்டி 99 ரூபாய் மட்டும்' என்ற விளம்பரத்தைத் தொட்டு, யுபிஐ ரகசிய எண்ணைப் போட்டிருக்கிறார். 99 ரூபாய்க்குத்தான் போடுகிறோம் என்று நினைப்பு. அந்தத் திரையிலேயே ஆட்டோபே என்று இருந்திருக்கும்; அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதுவரை என்றும் இருந்திருக்கும். அவருடைய செயலியைத் திறந்து பார்த்தோம். மாதந்தோறும், 1,000 ரூபாய் வரை, ரத்து செய்யும் வரை. 99 என்ற எண் அதில் எங்குமே இல்லை.

இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் தடவை நாம் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு மாதமும் ரகசிய எண் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடைவெளியில் நிறுத்தலாம். தம்பிக்கும் ஆகஸ்ட் 3 இரவே தகவல் வந்திருந்தது. கடன் தருகிறோம், வீட்டுமனை தருகிறோம் என்கிற செய்திகளுக்கு நடுவில் திறக்கப்படாமலே கிடந்தது.

நிறுத்துவது சுலபம். பணம் கட்டிய அதே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போனால் கம்பெனி பெயரோடு அனுமதி நிற்கும். அதைத் தொட்டால் செயலிக்குத் தகுந்தபடி Cancel, Remove, Revoke என்று ஏதோ ஒன்று வரும். ரகசிய எண் கேட்டால் போட வேண்டும், அவ்வளவுதான். Pause என்பதைத் தொட்டுவிட்டு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அது தற்காலிக நிறுத்தம். ஏடிஎம் கார்டில் கட்டியிருந்தால், வங்கியின் செயலியிலோ கிளையிலோ அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். செல்போனில் இருந்து கம்பெனி செயலியை அழித்தால் எதுவும் நிற்காது. நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

அனுமதியை மட்டும் ரத்து செய்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் இருப்பதும் வம்பு. பெட்டி கிளம்பிவிட்டது, பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். அதனால் முதலில் எழுத்தில், முடிந்தால் மின்னஞ்சலில், சந்தா எண்ணையும் தேதியையும் போட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அன்றைக்கே வங்கி அனுமதியையும் எடுத்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியும் முக்கியம். இந்தக் கம்பெனியின் விதிப்படி 25ஆம் தேதிக்குள் சொன்னால்தான் அடுத்த மாதப் பெட்டி நிற்கும். 5ஆம் தேதி பணம் எடுப்பார்கள். 10 முதல் 15க்குள் பெட்டி வரும். தம்பி ஜூன் 12 அன்றே சொல்லியிருந்தார். வாட்ஸ்அப்பில் அந்தத் தேதி இருந்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது. 26ஆம் தேதி சொல்லியிருந்தால் ஜூலைப் பணத்தைக் கேட்க முடிந்திருக்காது.

ஜூலைப் பெட்டியில் இன்னொரு கூத்து. இவர் ஷிப்டில் இருந்தபோது கூரியர் வர, கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா பாவம் பார்த்து வாங்கி வைத்துவிட்டார். வாங்கிவிட்டீர்களே என்று கம்பெனி பிடித்துக்கொண்டது. ரத்து செய்த பிறகு வரும் பெட்டியை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி வீட்டில், பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அந்தப் பெட்டியை எடுத்துக் கணக்கும் பார்த்தோம். முறுக்கு 200 கிராம், தட்டை 200, காராபூந்தி 150, ரிப்பன் பக்கோடா 150, கடலை மிட்டாய் 100. ஆக 800 கிராம். விலை 499, அனுப்பும் செலவு 40. நூறு கிராம் 67 ரூபாய் சொச்சம். எங்கள் பஜார் பலகாரக் கடையில் முறுக்கும் தட்டையும் நூறு கிராம் 35 ரூபாய். '700 ரூபாய் மதிப்பு' என்று மேலே அச்சடித்திருந்தார்கள். பாக்கெட்டுகளில் அவர்களே போட்டுக்கொண்ட எம்ஆர்பியைக் கூட்டினால் வருவது அந்த 700. சொந்தப் பெயரில் விற்கிறவருக்கு அந்த எண்ணை ஏற்றுவதில் தடை ஒன்றுமில்லை. பருப்பு, எண்ணெய் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் சரக்கு உள்ள மளிகைப் பெட்டியில் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது. அங்கே எடையைத்தான் பார்க்க வேண்டும். கிலோ என்று எடுத்தால் 900 கிராமாக இருக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் ஒரு பெட்டி போக வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. வீடு தேடிப் போவதற்குக் கூட 200 ரூபாய் கொடுக்கலாம்.

காலாவதித் தேதியையும் பார்த்தோம். ஆன்லைனில் விற்கும் உணவு கைக்கு வரும்போது, மொத்த ஆயுளில் 30 சதவீதமோ அல்லது காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். நான்கு மாதம் தாங்கும் தட்டை என்றால் 30 சதவீதம் என்பது 36 நாள். பெட்டி வந்த நாளில் இருந்து எண்ணினால் எங்கள் தட்டையில் 19 நாள்தான் இருந்தது. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருந்தது. இல்லையென்றால் சாப்பிடவே வேண்டாம்.

இனி பணத்துக்கு வருவோம். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் இழுத்தடிப்பதும் 'சந்தாப் பொறி'. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. ஆன்லைன் கம்பெனி குறைதீர் அலுவலர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகாரை அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் 1915க்குத் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல், e-Jagriti தளம் வழியாகத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. தர்மபுரியில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ வந்து சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. ஊருக்குப் போய் அலைய வேண்டியதில்லை.

தம்பி குறைதீர் அலுவலருக்கு எழுதினார். ஆகஸ்ட் பணம் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. ஜூலைப் பணத்துக்கு 1915ல் புகார் எண் வாங்கியிருக்கிறார். அந்தத் தட்டைப் பாக்கெட் மாடிப்படிக்குக் கீழே பெட்டியோடு அப்படியே இருக்கிறது. ஆதாரம் என்று வீட்டுக்காரம்மா யாரையும் தொட விடுவதில்லை.