உங்களுக்குத் தெரியுமா? – சுக்கானின் பின் விளிம்பு

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையேற்றி நிறுத்தியிருக்கும் விசைப்படகுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒரு தகடு தொங்கும். அதுதான் சுக்கான். விமான இறக்கை விமானத்தைத் தூக்குவதும், இந்தத் தகடு படகைத் திருப்புவதும் ஒரே கணக்கு. விசை மேல்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விசை எதைப் பொறுத்தது தெரியுமா? சுக்கானைச் சாய்த்தால் ஒரு பக்கம் நீர் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடும். தகட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து, வழியெங்கும் உள்ள வேகத்தைக் கூட்டினால் மிஞ்சும் தொகைக்குச் சுற்றோட்டம் என்று பெயர். நீரின் அடர்த்தி, வேகம், சுற்றோட்டம் மூன்றையும் பெருக்கினால் ஒரு மீட்டர் உயரத் தகட்டின் மீதான விசை கிடைத்துவிடும்.

இங்கேதான் சிக்கல். உராய்வே இல்லாத இலட்சிய நீருக்குச் சமன்பாடு எழுதினால், சுற்றோட்டத்துக்கு எந்த எண்ணைப் போட்டாலும் விடை வரும். பூஜ்யம் போட்டாலும் சரி, நூறு போட்டாலும் சரி. தகட்டை நீர் ஊடுருவக்கூடாது என்ற விதி ஒவ்வொன்றிலும் நிறைவேறும். அப்படியானால் படகு எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது?

விடை தகட்டின் பின் விளிம்பில் இருக்கிறது. 60 செ.மீ. அகலச் சுக்கான், 10 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். சுற்றோட்டம் பூஜ்யம் என்றால், நீர் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து பின் விளிம்பைச் சுற்றி வளைந்து, மறுபக்கத்தில் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் முன்னால்தான் தகட்டை விட்டுப் பிரிய வேண்டும். கத்தி முனை போன்ற விளிம்பில் நீர் திரும்பிப் போக, அங்கே அதன் வேகம் முடிவிலியாக வேண்டும். எண்ணை மாற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும், நீர் பிரியும் புள்ளி நகர்ந்து சரியாக விளிம்பில் வந்து உட்காரும். அப்போது இரு பக்க நீரும் வழுக்கிக்கொண்டு ஒன்றாக வெளியேறும். அங்கே வேகமும் எல்லைக்குள் நிற்கும்.

அந்த எண்: π × அகலம் × வேகம் × சாய்வின் சைன். நொடிக்கு 3 மீட்டர் ஓட்டத்தில் இது நொடிக்குச் சுமார் 0.98 சதுர மீட்டர். கடல்நீரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு விசை, சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். (உண்மைச் சுக்கான் உயரம் குறைந்தது, மேல் கீழ் ஓரங்களைச் சுற்றி நீர் நழுவுவதால் கிடைப்பது இதில் பாதிக்கும் குறைவு.)

நீர் பின் விளிம்பிலேயே பிரிய வேண்டும் என்ற இந்த விதியைச் சொன்னவர் யார் தெரியுமா? வில்ஹெல்ம் குட்டா என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், 1902-ல். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு முந்தைய ஆண்டு. விசைக்கான பெருக்கல் சூத்திரத்தில் அவர் பெயரோடு ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி பெயரும் சேர்ந்திருக்கும். கல்லூரியில் ரங்கே-குட்டா முறை படித்தவர்களே, அந்தக் குட்டாவும் இவர்தான்.

உராய்வில்லாத நீருக்கு விளிம்பின் மீது என்ன மரியாதை? ஒன்றுமில்லை. விதியை நடத்திவைப்பது உண்மை நீரின் பிசுபிசுப்பு. தகட்டை ஒட்டிய மெல்லிய படலம் விளிம்பைச் சுற்றி வளைய முயலும்போது, எதிரே அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. ஏற்கனவே தளர்ந்த படலம் அதை எதிர்த்து ஏற முடியாமல் பிய்த்துக்கொண்டு, சுழியாகச் சுருண்டு பின்னால் போய்விடும். மொத்தச் சுற்றோட்டம் மாறக்கூடாது என்பது கெல்வின் நிறுவிய விதி. எனவே சுழி எடுத்துப்போன அளவுக்கு எதிர்த்திசைச் சுற்றோட்டம் தகட்டைச் சுற்றி நிற்கும். விளிம்பில் நீர் வழுக்கி வெளியேறும்வரை இது தொடரும். பிசுபிசுப்பு இல்லாமல் இது தொடங்காது. ஆனால் இறுதி எண்ணில் பிசுபிசுப்பின் அளவு எங்கும் வராது. இந்தப் பாடத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான்.

எப்போது பொய்க்கும்? சாய்வை ஏகத்துக்குக் கூட்டினால் நீர் பின் விளிம்புவரை ஒட்டி வராமல் முன்பக்கத்திலேயே பிரிந்துவிடும். சூத்திரம் சொல்லும் விசை கிடைக்காது. உருண்டையான தூணுக்கோ கூர் விளிம்பே இல்லை. அங்கே இந்த விதி வாய் திறக்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். அகலமான தாம்பாளத்தில் நீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கி, அதன் அகலம் இழுக்கும் திசைக்கு லேசாகச் சாய்ந்திருக்கும்படி திருப்பி, சட்டென்று ஒரு சாண் இழுத்து நிறுத்துங்கள். ஸ்கேலைப் பார்க்காதீர்கள், இழுக்கத் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். பின் விளிம்பு இருந்த இடத்தில் ஒரு சிறு சுழி சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்திய இடத்தில் உண்டாகும் சுழி அதற்கு எதிர்த்திசையில் சுற்றும்.