லாப்டாப் விழுந்த காலமை நேர்முகம் இருந்தால்?

இந்த வார எபிசோடில நேரம் போதாமல் விட்ட ஒரு விசயம்: நேர்முகம் குழம்பினால் அனுப்புற மன்னிப்பு மெயில். நான் வேலையில ஆட்களைத் தெரிவுசெய்யிற குழுவில இருக்கிறபடியால் இப்படியான மெயில்கள் நிறைய வரும். பெரும்பாலானது நீளம் கூடினது, பிந்தி வந்தது.

ஒரு உண்மையான நாளை எடுப்பம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. லண்டன் நேரம் காலமை 5:09க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பின ஒரு பிழையான அப்டேட், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில விழுத்தியது. ஸ்கை நியூஸ் ஒளிபரப்பே கொஞ்ச நேரம் நிண்டது. அண்டைக்கு 9:30க்கு உங்களுக்கு டீம்ஸில கோடிங் நேர்முகம் இருந்தது எண்டு வையுங்கோ. 9:20க்கு லாப்டாப்பைத் திறக்கிறியள், நீலத்திரை.

முதல் மெயிலை 9:30க்கு முதலே போனில இருந்து அனுப்பவேணும். அதில விளக்கம் ஒண்டும் வேண்டாம். மற்றப் பக்கத்தில மூண்டு பேர் கமராவைப் போட்டுக்கொண்டு இருக்கினம். அவைக்கு வேண்டியது நீங்கள் வருவியளா, மாட்டியளா எண்ட பதில். நேர அழைப்பு வந்த அதே மெயிலுக்கு 'எல்லாருக்கும் பதில்' குடுங்கோ. ஆட்சேர்ப்பாளர் வேறை ஒரு கூட்டத்தில இருந்தாலும் குழுவில ஒருத்தர் பாப்பார். அனுப்புநர் முகவரியில no-reply எண்டு இருந்தால் அது ஒருத்தருக்கும் போகாது; மெயிலுக்குள்ள ஆட்சேர்ப்பாளரின்ர சொந்த முகவரியைத் தேடுங்கோ. கருத்தை இங்க தமிழில தாறன், நீங்கள் இங்கிலீசில எழுதுங்கோ:

"வணக்கம். 9:30 நேர்முகத்துக்கு நான் தயார், ஆனால் என் லாப்டாப் தொடங்கவில்லை. போனில் டீம்ஸ் வழியாக இப்போதே சேர முடியும். கோட் எழுதிக் காட்ட மட்டும் முடியாது. பேச்சுப் பகுதியை இன்று வைத்துக்கொள்ளலாமா, அல்லது முழுவதையும் வேறு நாளுக்கு மாற்றலாமா?"

போனைப் பற்றின அந்த வசனம் முக்கியம். டீம்ஸ் போனிலயும் ஓடும் எண்டு குழுவுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒண்டும் சொல்லாவிட்டால், ஏன் இவர் போனில வரேல்லை எண்ட கேள்விதான் முதல் வரும்.

நாள் மாத்தச் சம்மதிச்சால், ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ரெண்டாவது மெயில்:

"இன்று காலை உங்களையும் குழுவையும் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும். என் கணினி தொடங்காததே காரணம். திங்கள் 22 காலை 9 முதல் 12, செவ்வாய் 23 பிற்பகல் 2 முதல் 5, புதன் 24 முழு நாளும் எனக்கு வசதி. எல்லாம் லண்டன் நேரம். வேறு லாப்டாப்பில் முதல் நாளே மீட்டிங் லிங்கையும் திரைப் பகிர்வையும் சோதித்துவிடுவேன்."

மூண்டு இடைவெளி ஏன்? 'உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப' எண்டு எழுதுறது பணிவாத்தான் தெரியும். ஆனால் மூண்டு பேரின்ர கலண்டரைப் பொருத்துற வேலை முழுக்க ஆட்சேர்ப்பாளரின்ர தலையில விழும். 'லண்டன் நேரம்' எண்டது குழுவில ஒருத்தர் சென்னையில இருந்தால் உதவும்: கோடையில வித்தியாசம் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில ஐந்தரை.

இப்ப சிக்கலான இடம். காரணத்தில கிரவுட்ஸ்ட்ரைக்கின்ர பெயரைப் போடலாமா? அண்டைக்கு உலகமே அதைத்தான் கதைச்சது, ஆசையாத்தான் இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் நிறுவனங்கள் தங்கட கணினிகளில போடுறது. வீட்டு லாப்டாப்பில சாதாரணமா இருக்காது. வீட்டு மெஷின் அதால விழுந்தது எண்டு எழுதினால், அதை வாசிக்கிற பொறியியலாளர் புருவத்தை உயர்த்துவார். உண்மையிலயே அதாலதான் விழுந்தது எண்டால், நீங்கள் இப்ப வேலை செய்யிற இடத்தின்ர லாப்டாப்பில இன்னொரு வேலைக்கு நேர்முகம் குடுக்க வந்தியள் எண்டு அந்தப் பெயரே காட்டிக் குடுத்திடும்! 'கணினி தொடங்கவில்லை' உண்மை, அது காணும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், கேட்டால் குடுங்கோ.

ரயில் பிந்தினால் கணக்கு வேறை. பத்து நிமிசப் பிந்தலுக்கு நாளை மாத்தக் கேக்காதேங்கோ. 'டிஸ்ட்ரிக்ட் லைனில் நிற்கிறேன், 9:45க்கு வருவேன், சுருக்கி நடத்தலாமா' எண்டு கேளுங்கோ. சுரங்கத்துக்குள்ள சிக்னல் எல்லா இடமும் இல்லை. அவுட்பாக்ஸில நிக்கிற மெயில் போனதா அர்த்தமில்லை. பிளாட்பாரத்திலயே 'அனுப்பியவை'க்குப் போட்டுதா எண்டு பாருங்கோ.

வெள்ளி அனுப்பினதுக்குச் செவ்வாய் காலமை வரைக்கும் பதில் இல்லையெண்டால் ஆட்சேர்ப்பாளருக்கு ஒருக்கா போன் எடுங்கோ. திங்கள் இடைவெளி ஏற்கனவே போட்டுது, அதால புதுசா ஒண்டு கையில வைச்சிருங்கோ. அந்தச் சுற்று முடிஞ்சிட்டுது எண்டு சொன்னால், அடுத்த ஆட்சேர்ப்பில திரும்ப விண்ணப்பிக்கலாமா எண்டு மட்டும் கேட்டு விடுங்கோ.