மங்கலான படத்தில் மோட்டாரின் ஜாதகம்

அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் மோட்டார் எரிந்துவிட்டால் ஆலையே நின்றுவிடும். ஆலைக்காரர் மோட்டாரின் நேம் பிளேட்டைக் கைபேசியில் படமெடுத்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும்ணே" என்று கடைக்கு அனுப்புவார். படத்தில் பாதி எழுத்து கிரீஸுக்கு அடியில் இருக்கும். மீதியை ஃபிளாஷ் வெளிச்சம் அழித்திருக்கும். ஆனாலும் விவரம் தெரிந்த கடைக்காரர் பெரும்பாலும் சரியான மோட்டாரைச் சொல்லிவிடுவார். தகட்டிலுள்ள எண்கள் தனித்தனியானவை அல்ல, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்பவை என்பது அவருக்குத் தெரியும்.

வந்த படத்தில் தெளிவாகத் தெரிவது 1.5 கிலோவாட், அதாவது 2 எச்.பி. வேகம் இருக்கும் இடத்தில் முதல் எண் 1, இரண்டாவது 4, கடைசியில் ஒரு பூஜ்யம். நடுவில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். சுமையை இழுக்கும் ரோட்டார் அதைவிடச் சற்றுப் பின்தங்கி 1400, 1440 என்று ஓடும். இரண்டு துருவமென்றால் 2800-க்கு மேல், ஆறு துருவமென்றால் 900-க்கு மேல். ஆகவே நாம் உண்மையில் படிப்பது துருவ எண்ணிக்கையைத்தான். இதில் தவறி 2880 மோட்டாரை வாங்கி மாட்டினால், புல்லி அதேதான் என்றாலும் எலிவேட்டர் பெல்ட் இரு மடங்கு வேகத்தில் ஓடும். புது மோட்டாரும் சுமை தாங்காமல் சூடேறும்.

அடுத்தது ஃப்ரேம். படத்தில் 90 தெரிகிறது, பக்கத்திலுள்ள எழுத்து எஸ்ஸா, எல்லா என்று புரியவில்லை. வழக்கமான வரிசையில் 2 எச்.பி. மோட்டார் இரண்டு துருவமானால் 90எஸ், நான்கானால் 90எல், ஆறானால் 100எல் ஃப்ரேமில் வரும். வேகம் 14-இல் தொடங்குவதால் இது 90எல். இரண்டுக்கும் ஷாஃப்ட் ஒன்றுதான், 24 மி.மீ. முன்கால், பின்கால் போல்ட் துளைகளுக்கு இடையேயான தூரம்தான் வேறு: எஸ்ஸில் 100 மி.மீ., எல்லில் 125.

90 என்பது பாதத்தின் அடியிலிருந்து ஷாஃப்டின் மையம் வரையான உயரம், மில்லிமீட்டரில். அளந்து பார்க்கச் சொன்னால் பலர் ஷாஃப்டின் மேல்விளிம்பு வரை அளந்துவிடுகிறார்கள். 80 ஃப்ரேமின் ஷாஃப்ட் 19 மி.மீ. என்பதால் அதன் மேல்விளிம்பு 89.5-இல் இருக்கும், அளந்தவர் '90' என்பார், தவறான மோட்டார் வந்து இறங்கும். மேல்விளிம்பு வரை அளந்து, ஷாஃப்ட் விட்டத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். நம் மோட்டாரில் 102-இல் 12 போனால் 90.

பழைய அமெரிக்க இயந்திரத்தோடு வந்த மோட்டார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் 145டி என்று இருக்கலாம். முதலிரண்டு எண்ணை நான்கால் வகுத்தால் மைய உயரம் அங்குலத்தில் கிடைக்கும்: மூன்றரை அங்குலம், 88.9 மி.மீ. போல்ட் துளைகள்கூட 90எல்லோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் ஷாஃப்ட் 22.2 மி.மீ.தான், பழைய கப்ளிங் புது மோட்டாரில் ஏறாது. வேகம் 1750 என்று இருந்தால் அது 60 ஹெர்ட்ஸில் எழுதியது, துருவம் நான்குதான்.

ஃபேஸ் எழுதிய இடம் அழிந்திருந்தால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். 415 வோல்ட், மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் என்றால் த்ரீ ஃபேஸ். இதே 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டும் பத்து ஆம்பியர் அளவும் காட்டும். கப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவும் பெரும்பாலும் தகட்டிலேயே இருக்கும். மோட்டாரின் முதுகில் கப்பாசிட்டருக்கான புடைப்பு இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

இந்தச் சாட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் தகட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். காயில் கட்டும் பட்டறையில் வேகத்தையோ வோல்ட்டையோ மாற்றிக் கட்டியிருப்பார்கள். தகடு பழையதாகவே இருக்கும். வேறொரு மோட்டாரின் தகட்டை ஒட்டியிருப்பதும் உண்டு. எண் 90 என்கிறது, அளந்தால் 100 என்றால், அளவை நம்பி இன்னொரு படம் கேட்பதே சரி. இம்முறை தகட்டைத் துணியால் துடைத்து, ஃபிளாஷை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். குத்திய எண்களின் பள்ளத்தில் நிழல் விழுந்து, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியும்.

கூடவே முழு மோட்டாரையும் பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும். பாதத்தில் நிற்கிறதா, ஃபிளேஞ்சில் தொங்குகிறதா என்பது சில தகடுகளில் பி3, பி5 என்று இருக்கும், பலவற்றில் இராது. டெர்மினல் பெட்டி மேலே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதோ தகட்டில் அநேகமாக இருக்காது. சுவரோரம் நிற்கும் மோட்டாருக்கு அதுவும் தெரிந்தால்தான் ஒயர் எட்டும்.