வெள்ளைச் சட்டை ஏன் நீலமாக மாட்டேன் என்கிறது?

ஜவுளிக் கடை விளம்பரத்துக்கு எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் இளைஞர் வெள்ளை முழுக்கைச் சட்டையில் நிற்கிறார். அதுவே கருநீலமாக இருந்தால் எடுப்பாக இருக்குமா என்று, துணி வெட்டுவதற்கு முன்பே கடைக்காரர் பார்க்க விரும்புகிறார். 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருள்களில் இதைச் செய்யும் வேலைக்கு இன்பெயின்டிங் என்று பெயர். சட்டையின் மேல் பிரஷ்ஷால் பூசி, வேண்டியதை எழுதிக் கொடுத்தால், பூசிய இடம் மட்டும் புதிதாக வரையப்படும். அந்தப் பூச்சுதான் மாஸ்க்.

கருநீலம் என்று எழுதிக் கொடுத்தும் வெளுத்த சாம்பல் நிறச் சட்டைதான் வருகிறது. உடனே பலரும் எழுதிய வாசகத்தைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை, `Denoising strength` என்ற அமைப்பில் இருக்கிறது.

இந்த மென்பொருள் பழைய படத்தின் மேல் புள்ளிக் குழப்பத்தைத் தூவிவிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிக்கொண்டே புதுப் படத்தை உருவாக்குகிறது. எவ்வளவு தூவ வேண்டும் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. 0 என்றால் எதுவும் மாறாது. 1 என்றால் பழைய சட்டையின் தடயமே ஏறக்குறைய மிஞ்சாது. இடைப்பட்ட அளவுகளில் முதலில் அழிவது நூலிழை, தையல் போன்ற நுணுக்கங்கள். பெரிய அளவிலான வெளிச்சமும் நிறமும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் 0.4-இல் வெள்ளையின் பிரகாசம் அப்படியே நின்றுவிடுகிறது. 0.75-க்கு ஏற்றினால் கருநீலம் வந்துவிடும், ஆனால் காலரும் பட்டன் வரிசையும் வேறாகிவிடும். 0.9-இல் சட்டை கோட்டாகவே மாறினாலும் ஆச்சரியமில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. முதலில் ஜிம்ப் போன்ற படத் திருத்தியில், புது லேயரில் சட்டையின் மேல் நீலத்தைப் பூசி, லேயரை `Multiply` முறையில் வையுங்கள். மடிப்புகளின் நிழல் அடியிலிருந்து தெரியும். அந்தப் படத்தை இன்பெயின்டிங்குக்குக் கொண்டுவந்து, `Masked content`-ஐ `original` என்றே விட்டு, 0.45 அளவில் ஓட்டினால் போதும். நிறத்தை நாமே கொடுத்துவிட்டதால், துணியாகக் காட்டுவது மட்டுமே இயந்திரத்தின் வேலை.

அடுத்தது பேடிங். `Only masked` என்பதைத் தேர்ந்தெடுத்தால், மாஸ்க் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, நாம் கொடுத்த அளவுக்கு மாற்றி வரைந்து, திரும்பப் படத்தில் ஒட்டும். வெட்டும்போது சுற்றிலும் எத்தனை பிக்சல் சேர்த்து எடுப்பது என்பதே பேடிங். ஆட்டோமேட்டிக்1111 என்ற பரவலான இடைமுகத்தில் அது 32 என்று இருக்கும். 3000 பிக்சல் உயரப் படத்தில் அது ஒன்றுமே இல்லை. கழுத்து எங்கே, இடுப்பு எங்கே என்று தெரியாமல், சட்டைக்குள்ளேயே ஒரு குட்டி மனிதரை வரைந்துவைக்கும் விபரீதம் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. 128 கொடுத்துப் பாருங்கள், முகவாயும் கையும் அதன் கண்ணில் படும். அதற்காக மிக அதிகமாக வைத்தால் சட்டைக்குக் கிடைக்கும் பிக்சல் குறைந்து நெசவு மங்கும்.

மாஸ்க் பிளர் என்பது பூச்சின் ஓரத்தை மென்மையாக்குவது. அதுவும் மூலப் படத்தின் பிக்சல் கணக்கில்தான். வழக்கமான 4, 512 பிக்சல் படத்துக்குச் சரி. பெரிய படத்தில் காலரைச் சுற்றிக் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும், 12 அல்லது 16 தேவைப்படும். கூட்டிக்கொண்டே போனால் நீலம் கழுத்துத் தோலில் கசியும், அல்லது பழைய வெள்ளை ஓரத்தில் எட்டிப்பார்க்கும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, காலர் கழுத்தைத் தொடும் இடத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் தவறு என்று தெரிந்துவிடும்.

சீட் என்பது தூவும் புள்ளிகளின் அமைப்பைத் தீர்மானிக்கும் எண். -1 என்றால் ஒவ்வொரு முறையும் வேறு எண், ஆகவே வேறு சட்டை. முதலில் -1-இல் நாலைந்து படம் எடுத்து, மடிப்பு நன்றாக விழுந்த ஒன்றின் எண்ணைப் பூட்டிவிடுங்கள். அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒரே அமைப்பை மட்டும் மாற்றினால்தான், எதனால் என்ன மாறியது என்று சொல்ல முடியும். படத்தின் அளவை மாற்றினால் மட்டும் பூட்டிய சீட்டும் உதவாது, புள்ளிகளின் அமைப்பே மாறிவிடும்.

இத்தனை செய்தாலும் வருவது உங்கள் தறியில் நெய்த துணி அல்ல. கட்டத்தின் அகலத்தையும் கரையின் சரிகை வேலையையும் அது தோராயமாகத்தான் போடும். வாங்குபவரிடம் இதைக் காட்டி விற்கக் கூடாது, தைக்கலாமா என்று முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவர் உடையில் கைவைக்கவே கூடாது.

நல்லதாக வந்த படத்தை மூலப் பிஎன்ஜி கோப்பாகவே சேமித்து வையுங்கள். சீட், டீநாய்ஸ் அளவு எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும், `PNG Info` பக்கத்தில் போட்டால் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு போய்விடும்.