முறைகேட்டைச் சொன்னவரைக் காப்பது எப்படி?

கம்பெனிக்குள் நடக்கும் திருட்டையும் பொய்க்கணக்கையும் ஊழியரே மேலிடத்துக்குத் தெரிவிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 177-ஆம் பிரிவு. பங்குச்சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளுக்கும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பெற்றவற்றுக்கும் இது கட்டாயம். குடும்பத்தினரே இயக்குநர்களாக இருக்கும் நடுத்தர ஆலைகள் பலவும் இந்தக் கடன் வரம்பால் சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. தணிக்கைக் குழு அமைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கம்பெனியில், புகாரைப் பெறுவதற்கென்றே ஓர் இயக்குநரை நியமிக்க வேண்டும்.

நடுத்தர கம்பெனியில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் யாருக்கு எது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். புகாரில் பெயர் இல்லாவிட்டாலும் அதில் உள்ள விவரமே எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கழிவு இரும்பை ஏற்றிப் போகும் லாரிக்கு எடைமேடைச் சீட்டில் 4,200 கிலோ. விற்பனைப் பில்லில் 3,500 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் ஒரு லோடில் 28,000 ரூபாய் காணாமல் போகிறது. வாரம் இரண்டு லோடு போனால் ஆண்டுக்கு 29 லட்சம். இதைக் கவனித்தவர் ஸ்டோர் கிளார்க். சந்தேகம் விழுவது ஸ்டோர் மேனேஜர் மீது. சீட்டையும் பில்லையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அந்த ஆலையில் மூன்றே பேர்.

வாயிலில் ஒரு புகார்ப் பெட்டி, எச்.ஆர். பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி, இவ்வளவுதான் ஏற்பாடு என்றால் அந்த கிளார்க் பேசாமல் இருப்பதே தனக்கு நல்லது என்று நினைப்பார். பெட்டியின் சாவி யாரிடம், மின்னஞ்சலை யார் யார் திறக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்டோர் மேனேஜர் முதலாளியின் உறவினராக இருந்தால், நியமிக்கப்பட்ட இயக்குநரும் அதே குடும்பத்தவராக இருக்கக்கூடும். ஆகவே புகார் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதைப் பெற்றவருக்கும் அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் என்ன உறவு என்பது. உறவு இருந்தால் விசாரணை வெளியாள் ஒருவரிடம், உதாரணமாக அந்த கம்பெனியோடு தொடர்பில்லாத ஒரு தணிக்கையாளரிடம், போக வேண்டும்.

அடுத்தது சான்றுகள். கண்காணிப்பு கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். சீட்டுப் புத்தகங்கள் திடீரென்று தொலைந்துபோகும். இவற்றை முதல் நாளே கைப்பற்ற வேண்டும், ஆனால் அந்த லாரியின் தாள்களை மட்டும் கேட்டால் புகார் வந்த செய்தி மதியத்துக்குள் ஆலை முழுவதும் பரவிவிடும். அனுபவமுள்ளவர்கள் ஆறு மாதத்துக்கான எல்லா கேட் பாஸ்களையும், கொள்முதல் லாரிகளின் எடைச் சீட்டுகளையும் சேர்த்து, வழக்கமான உள்தணிக்கை என்ற பெயரில் வாங்குவார்கள். குறிப்பிட்ட லோடு அந்தக் குவியலுக்குள் மறைந்துவிடும். புகார்க் கடிதத்தின் நகலை மேனேஜரிடம் நீட்டி விளக்கம் கேட்பதுதான் நடைமுறையில் நேரும் மிக மோசமான தவறு. அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தரத்தான் வேண்டும். அதற்கு எடையிலும் பில்லிலும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால் போதும்.

பழிவாங்கல் பெரும்பாலும் வேலைநீக்கமாக வருவதில்லை. இரவு ஷிப்ட், தொலைவிலுள்ள கிடங்குக்கு இடமாற்றம், நின்றுபோன இன்கிரிமென்ட், முன்பு "நன்று" என்றிருந்த மதிப்பீடு "சுமார்" ஆவது என்று சிறுசிறு வடிவங்களில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் சொல்லிவிடலாம். புகாருக்கு முந்தைய ஆண்டின் பதிவுகளையும் பிந்தைய ஆண்டின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். புகாரை முடித்துவிட்டோம் என்று கோப்பை மூடிய பிறகும் குறைந்தது ஓராண்டு அந்த இயக்குநர் இதைப் பார்த்துவர வேண்டும். ஊழியரும் தன் மதிப்பீட்டுத் தாள்கள், சம்பளச் சீட்டுகளின் நகல்களையும் புகார் கொடுத்த தேதிக்கான ஆதாரத்தையும் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு இந்த இடத்தில் மெலிந்துவிடுகிறது. பழிவாங்கலுக்கு எதிராகப் "போதுமான பாதுகாப்பு" வேண்டும் என்கிறது 177-ஆம் பிரிவு. எது போதுமானது என்பதை விளக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளுக்கும் பொருந்தும். புகார் கிடைத்ததை ஏழு நாளில் உறுதிசெய்து, அதன் பின் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று தெரிவிக்க வேண்டும். இடமாற்றம் பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் அங்கே முதலாளியுடையது. இந்தியாவில் 2014-இல் நிறைவேறிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது; நிறைவேறிய பிறகும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தனியார் ஆலையின் ஸ்டோர் கிளார்க் அதில் இடம்பெறவே இல்லை.