இரவு 12.20 எந்த நாள் கணக்கு?



பல வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். 6 மணிக்கு மேல் முகூர்த்தம். சனிக்கிழமை இரவு 12.20 மணி பஸ்ஸில் போவதாக நினைத்துக்கொண்டு, சனிக்கிழமைத் தேதியைச் சொல்லியே முன்பதிவு செய்தேன். இரவு வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "சார்வாள், இந்த பஸ் நேத்து ராத்திரியே போயிட்டுல்லா!" என்றார்.

நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். அதனால் விடியும் வரை சனிக்கிழமை இரவு என்றே பேசிப் பழகிவிட்டோம். காலண்டர் தேதியோ நள்ளிரவு 12 மணிக்கே மாறிவிடும். சனி இரவு நாம் ஏறும் 12.20 பஸ், சீட்டில் ஞாயிற்றுக்கிழமை பஸ். எனக்கு வேறு பஸ்ஸில் இடம் கிடைத்தபோது மணி 3. மண்டபம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் என்று வேறு எல்லோருக்கும் தெரியும்!

அதன் பிறகு இதையே ஒரு கணக்காக்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். நேரங்கள் நானாக வைத்துக்கொண்டவை. இன்றைய அட்டவணை என்று நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரத்தில் இரவு 9.35-க்குப் பஸ் புறப்படுகிறது. தாமிரபரணிப் பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு 10.50-க்கு வருகிறது. அங்கிருந்து 12.20-க்கு அடுத்த பஸ். அது மதுரை மாட்டுத்தாவணியைக் காலை 4.05-க்கு அடைகிறது. திருநெல்வேலியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மொத்தப் பயணம் எவ்வளவு நேரம்?

ஒரு பையன் கால்குலேட்டரில் 12.20-லிருந்து 10.50-ஐக் கழித்து, "1 மணி 70 நிமிடம்" என்றான். மணிக்கு 100 நிமிடம் இருந்தால் அவன் சொன்னது சரி! புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, நிமிடம். 10.50-லிருந்து 11 மணிக்கு 10 நிமிடம், 12 மணிக்கு இன்னும் 1 மணி நேரம், பிறகு 20 நிமிடம். ஆகக் காத்திருக்கும் நேரம் 1 மணி 30 நிமிடம்.

மொத்த நேரத்துக்கு அவன் 9.35-லிருந்து 4.05-ஐக் கழித்து, 5 மணி 30 நிமிடம் என்றான். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துப் பழகிய கை! அது காலை 4.05-லிருந்து 9.35 வரை உள்ள நேரம். நாம் போவது எதிர்த் திசையில். ஆனால் விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது, மதுரைக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும் என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

சரியான வழி, நள்ளிரவில் பயணத்தை இரண்டாக வெட்டுவது. 9.35 முதல் 12 வரை 2 மணி 25 நிமிடம். 12 முதல் 4.05 வரை 4 மணி 5 நிமிடம். கூட்டினால் 6 மணி 30 நிமிடம்.

இதைச் சரிபார்க்க, 24 மணி முறையில் எழுதுங்கள். புறப்பாடு 21.35. மறுநாள் 4.05-உடன் 24-ஐக் கூட்டினால் 28.05. கழித்தால் அதே ஆறரை மணி. 28 மணி என்று ஒன்று உண்டா என்று சிரிக்க வேண்டாம். பஸ் அட்டவணைகளைக் கணினியில் பதிவு செய்யும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற முறையில், நள்ளிரவைத் தாண்டும் பஸ்ஸுக்கு `28:05:00` என்றுதான் எழுதுகிறார்கள்.

துண்டு துண்டாகக் கூட்டியும் பார்க்கலாம். முதல் பஸ்ஸில் 1.15, காத்திருப்பு 1.30, இரண்டாம் பஸ்ஸில் 3.45. மொத்தம் 6.30. பையனின் ஐந்தரை மணியில் பஸ்ஸில் உட்காரும் 5 மணி போக அரை மணிதான் மிஞ்சும். காத்திருப்பதோ ஒன்றரை மணி. தவறு அங்கேயே அகப்பட்டுவிடுகிறது.

ஆனால் இந்தக் கூட்டல் ஒரு தவறை மட்டும் காட்டிக்கொடுக்காது. பலகையில் இருக்கும் 10.50-ஐ நீங்கள் 10.30 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பஸ் நேரம் 20 நிமிடம் குறையும், காத்திருப்பு 20 நிமிடம் கூடும். மொத்தம் அதே ஆறரை மணிதான்! கூட்டல் சரியாக வந்ததே என்று இருந்துவிடுவீர்கள். இதற்குப் பலகையை இன்னொரு முறை பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது நீங்கள் போடுங்கள். திங்கள் இரவு 10.45-க்கு ஊரில் பஸ் ஏறி, 11.55-க்குத் திருநெல்வேலி வருகிறீர்கள். அடுத்த பஸ் 1.10-க்கு. மதுரை சேருவது 4.50-க்கு. காத்திருப்பு எவ்வளவு? மொத்தம் எவ்வளவு? முன்பதிவுச் சீட்டில் என்ன கிழமை இருக்க வேண்டும்?

(விடை: 1 மணி 15 நிமிடம், 6 மணி 5 நிமிடம், செவ்வாய்.)